‘சின்னத் தப்புதானே சார், போட்டுடுங்க’

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உட்காரும் எல்லா மேஜைகளிலும் யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் புரோக்கர். சில சமயம் வீட்டுக்காரர். கொடுமை என்னவென்றால், பல சமயம் குடிவரப் போகிறவரே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கும், தேதியில் ஓர் எண் மாறியிருக்கும். பார்த்தும் பார்க்காதது போல் பேனாவைத் திறந்துவிடுவோம். கேட்டால், “முதல் நாளே எதுக்கு மனஸ்தாபம்?” என்பார்கள்.

இதைப் பண்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. இது சோம்பலும் கூச்சமும் கலந்த ஒரு கெட்ட வழக்கம். என்னிடமும் இருந்தது. அதற்கு நான் கொடுத்த விலையைப் பிறகு சொல்கிறேன். முதலில் திருச்சியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2024 மே மாதக் கடைசி. என் மைத்துனர் பாலசுப்பிரமணியன் ஓய்வு பெற்று, திருச்சியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பேசி முடித்திருந்தார். மாதம் பதினைந்தாயிரம், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம், ஜூன் முதல் தேதியிலிருந்து பதினோரு மாதம். அட்வான்ஸை வங்கி மூலம் அனுப்பியும் விட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. வரைவு மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “எல்லாம் வழக்கமானதுதான் அத்தான்” என்றார். நான் சும்மா இருக்கமாட்டேன் என்று என் மனைவிக்குத் தெரியும். கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள்.

முதல் பக்கத்திலேயே அவர் பெயர் பாலசுப்பிரமணியம் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் ‘என்’ என்று முடிய வேண்டியது ‘எம்’ என்று முடிந்திருந்தது. இன்ஷியல் ‘வி’ என்பது ‘பி’ ஆகியிருந்தது. இது எப்படி நடந்தது என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். புரோக்கர் தட்டச்சுக் கடைக்குப் போன் போட்டுப் பெயரைச் சொல்லியிருக்கிறார். போனில் ‘எம்’மும் ‘என்’னும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘வி’யும் ‘பி’யும் அப்படியே. ஆதார் அட்டையின் நகலைக் கொடுத்து “இதைப் பார்த்து அடி” என்று சொல்லியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

இரண்டாவது பக்கத்தில் இருந்தது பெரிய பிழை. “01-06-2024 முதல் 30-04-2026 வரை பதினோரு மாத காலத்துக்கு” என்று இருந்தது. 2025 என்று இருக்க வேண்டிய இடம். எண்ணிப் பாருங்கள், தேதிப்படி இருபத்துமூன்று மாதம் வருகிறது. எழுத்து பதினொன்று என்கிறது, எண் இருபத்துமூன்று என்கிறது.

நான் சொன்னதும் மைத்துனர் சிரித்தார். “விடுங்க அத்தான். பதினோரு மாதம்னு எழுதித்தானே இருக்கு? அந்த அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைப் போய்ச் சொன்னா, இப்பவே சட்டம் பேசறான்னு நினைப்பாங்க.”

அந்த இரவு அவரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் நிதானமாக.

“அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்” என்பது வாதமே இல்லை. இருவருக்கும் தெரிந்ததை இருவரும் மறக்காமல், மாறாமல், உயிரோடு இருக்கும் வரை காகிதமே தேவையில்லை. நம் தாத்தாக்கள் வாய்ப்பேச்சிலேயே குடித்தனம் வைத்தார்கள். நாம் எழுதி வைப்பது மூன்றாவது ஆளுக்காக. வீட்டுக்காரரின் மகன், நம் பிள்ளை, வங்கியில் இருப்பவர், ஒருவேளை நீதிபதி. இவர்களில் யாருக்கும் நாம் என்ன பேசினோம் என்று தெரியாது. அவர்கள் முன் இருப்பது காகிதம் மட்டும்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. 1991-இல் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு வீடு பிடித்தேன். வாடகை தொள்ளாயிரம், அட்வான்ஸ் ஒன்பதாயிரம். ஏப்ரல் முதல் தேதி குடிபோனேன். ஒப்பந்தத்தில் மார்ச் முதல் தேதி என்று அடித்திருந்தது. நான் கவனித்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவும் செய்தேன். தங்கமான மனிதர் அவர். “அட, சின்னத் தப்புதானே, போட்டுடுங்க, நான் எங்கே ஓடிப்போகப் போறேன்?” என்றார். போட்டேன். ஆனால் அவர் போய்விட்டார். எட்டு மாதத்தில் மாரடைப்பு.

நான் காலி செய்யும்போது அவர் மகன் வந்து உட்கார்ந்தார். ஒப்பந்தத்தையும் வாடகை ரசீதுப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒப்பந்தம் மார்ச்சில் தொடங்குகிறது, முதல் ரசீது ஏப்ரலுக்கு. “மார்ச் மாத வாடகை பாக்கி இருக்கே சார்” என்றார் மரியாதையாகவே. அப்போது நான் ஊரிலேயே இல்லை, மார்ச் முழுக்கப் பழைய அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்றெல்லாம் சொன்னேன். “இருக்கலாம் சார், ஆனா அப்பா இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்காரே” என்றார். தொள்ளாயிரம் ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார். ஒரு மாத வாடகை அன்று எனக்குச் சின்னத் தொகை இல்லை.

பல வருஷம் அவர்மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. அவர் ஏமாற்றவில்லை. செத்துப்போன அப்பாவின் காகிதத்தை உள்ளது உள்ளபடி படித்தார், அவ்வளவுதான். தப்பான காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

மைத்துனரின் வரைவுக்கு வருகிறேன். முதலில் தேதி. அதுதான் பெரிய ஆபத்து.

நாம் ஏன் பதினோரு மாதம் என்று எழுதுகிறோம்? ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. அந்த அலைச்சலையும் செலவையும் தவிர்க்கத்தான் பதினொன்று. பதிவு செய்யாமல் விட்டால், அதே சட்டத்தின் 49-ஆவது பிரிவுப்படி, அந்தப் பத்திரத்தைக் குத்தகையின் நிபந்தனைகளுக்குச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்காது. இப்போது 2025 என்பதை 2026 ஆக்கிப் பாருங்கள். பதினோரு மாத ஒப்பந்தம் இருபத்துமூன்று மாத ஒப்பந்தமாகத் தோற்றம் தருகிறது. எண் சரியா எழுத்து சரியா என்று வக்கீல்கள் வாதாடலாம். எழுத்தில் உள்ள பதினொன்றே ஜெயிக்கவும் கூடும். ஆனால் ஒன்றரை லட்சம் ரூபாய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில், “இந்தக் காகிதமே செல்லாது” என்று எதிராளி பேச ஒரு வாசலை நாமே திறந்து வைத்திருப்போம்.

சிலர் கேட்பார்கள், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யத்தானே வேண்டும், பிறகென்ன பதினொன்றும் பன்னிரண்டும் என்று. அது வேறு பதிவு, இது வேறு பதிவு. அந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. அதற்கான படிவத்தில் இருவர் பெயரையும் அடையாள விவரங்களோடு நிரப்ப வேண்டும். அங்கே ‘என்’னும் ‘எம்’மும் முட்டிக்கொள்ளும். ஆகவே புதிய சட்டம் வந்த பிறகு எழுத்துப் பிழைக்குச் சலுகை கூடவில்லை, குறைந்திருக்கிறது.

தேதி விஷயத்தில் இன்னொரு சங்கதி. “இன்ன தேதியிலிருந்து பதினோரு மாதம்” என்று மட்டும் எழுதினால் போதாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, ஒரு தேதியிலிருந்து தொடங்குவதாகச் சொல்லும் குத்தகையில் அந்தத் தேதியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறது. ஒரு நாள்தான் வித்தியாசம். காலி செய்கிற கடைசி நாளில் அந்த ஒரு நாளுக்குச் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். “2024 ஜூன் 1 முதல் 2025 ஏப்ரல் 30 முடிய, இரு நாட்களும் உட்பட” என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 01-06 என்று எண்ணில் எழுதினால் ஜூன் முதல் தேதியை ஜனவரி ஆறு என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், கணினிகளும் இருக்கின்றன. ஏப்ரல் 31 என்று அடித்த ஒப்பந்தம் ஒன்றை நானே கண்டிருக்கிறேன். நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்!

பெயருக்கு வருகிறேன். இங்கே மிகைப்படுத்த மாட்டேன். ஓர் எழுத்து மாறியதால் ஒப்பந்தமே செல்லாமல் போய்விடாது. ஆள் யார் என்பது வேறு வகையில் தெளிவாக இருந்தால் நீதிமன்றம் ஆளைத்தான் பார்க்கும். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை கவுண்டர்கள் இருக்கின்றன! ஆதாரில் முகவரி மாற்ற, கேஸ் இணைப்பை மாற்ற, மகன் கம்பெனியில் வீட்டு வாடகைப் படி வாங்க. அங்கே உட்கார்ந்திருப்பவர் நீதிபதி இல்லை. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்து, “பேரு மேட்ச் ஆகலையே” என்று திருப்பிக் கொடுப்பவர். அவரையும் குறை சொல்ல முடியாது.

எழுத்துப் பிழையைவிட இன்ஷியல் பிழை மோசம். நம் ஊரில் இன்ஷியல் என்பது அப்பாவின் பெயர். ‘வி’ போய் ‘பி’ வந்தால் அப்பாவே மாறிவிடுகிறார். பாலசுப்பிரமணியன்கள் ஒரு தெருவுக்கு நான்கு பேர் இருக்கும் ஊரில், ‘பி. பாலசுப்பிரமணியம்’ நிஜமாகவே வேறொரு மனிதராக இருக்கலாம். அட்வான்ஸ் போன வங்கிக் கணக்கு ‘வி. பாலசுப்பிரமணியன்’ பெயரில். ஒப்பந்தமோ இன்னொருவர் பெயரில். நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆகி, என் மைத்துனி போய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், “யார் அந்த மனுஷன்?” என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் மைத்துனர் முகத்தில் சிரிப்பு போயிற்று.

“சரி, எப்படிச் சொல்றது?” என்றார். சொல்கிற விதத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ஒன்று, குற்றப்பத்திரிகை வாசிப்பார்கள். அல்லது, “ஏதோ கொஞ்சம் பிழை இருக்கு போல, முடிஞ்சா பாருங்க” என்று இழுப்பார்கள். இரண்டாவது வகையில் எங்கே பிழை என்று தேடும் வேலை எதிராளியின் தலையில் விழுகிறது, அவர் தேடமாட்டார். பக்கம், வரி, இப்போது இருப்பது, இருக்க வேண்டியது என்று நேராக எழுதுவதுதான் மரியாதை. அன்று இரவு எட்டரை மணிக்கு அவர் அனுப்பியது இது:

“அம்மா, வணக்கம். ஒப்பந்த வரைவு கிடைத்தது, நன்றி. படித்ததில் இரண்டு திருத்தங்கள் தேவைப்படுகின்றன. முதல் பக்கம், ஐந்தாம் வரி: என் பெயர் பி. பாலசுப்பிரமணியம் என்று உள்ளது. வி. பாலசுப்பிரமணியன் என்று இருக்க வேண்டும், ஆதார் நகல் இணைத்துள்ளேன். இரண்டாம் பக்கம், காலம்: 30-04-2026 என்று உள்ளது. நாம் பேசிய பதினோரு மாதத்துக்கு 2025 ஏப்ரல் 30 என்று வர வேண்டும். நாளை முத்திரைத்தாளில் அச்சிடும் முன் திருத்தச் சொன்னால் நன்றாக இருக்கும்.”

முத்திரைத்தாளில் அச்சிடும் முன் என்பதைக் கவனியுங்கள். கோப்பில் இருக்கும்வரை பிழையைத் திருத்தக் காசு இல்லை. கையெழுத்தான பிறகு திருத்த, இருவரும் சேர்ந்து பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். அதற்கு எதிராளி சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போய்த் திருத்தக் கேட்கலாம், அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. தொள்ளாயிரம் ரூபாய்க்கு யார் போவார்கள்? நான் போகவில்லையே. “முதலில் போடுங்க, அப்புறம் திருத்திக்கலாம்” என்று சொல்பவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: அப்புறம் உங்களுக்கு மனசில்லாமல் போனால்?

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். வீட்டுக்கார அம்மா எழுபதைத் தாண்டியவர். தனியாக இருக்கிறார், மகன் வெளிநாட்டில். முகம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. “நேத்து ராத்திரி மெசேஜைப் பார்த்துட்டு எனக்குத் தூக்கமே வரலை. நம்பிக்கை இல்லேன்னா சொல்லிடுங்க” என்றார். புரோக்கர் உடனே அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார். “சின்னத் தப்புதானேம்மா, நான் அப்பவே சொன்னேன், சார்தான்...”

நான் அந்த அம்மாவிடம், “இதுல முதல் ஆபத்து உங்களுக்குத்தாம்மா” என்றேன். 2026 என்றே இருந்திருந்தால், அடுத்த வருஷம் மகன் திரும்பி வந்து வீடு வேண்டும் என்னும்போது, குடியிருப்பவர் அந்தத் தேதியைக் காட்டி இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று சொல்லலாம். என் மைத்துனர் சொல்லமாட்டார். ஆனால் காகிதம் சொல்லும். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு உள்ளே போய்த் தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் அந்த ஒப்பந்தத்தைப் படிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவரும் புரோக்கரை நம்பியிருக்கிறார், இவரும் புரோக்கரை நம்பியிருக்கிறார். புரோக்கர் தட்டச்சுக் கடையை நம்பியிருக்கிறார். கடைக்காரர் பழைய கோப்பை நம்பியிருக்கிறார்.

பழைய கோப்பு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. திருத்தி வந்த பிரதியை நாங்கள் மறுபடி படித்தோம். இது முக்கியம். சொன்ன இடத்தில் மட்டும்தான் திருத்துவார்கள், அதே பெயர் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடமாட்டார்கள். முதல் பக்கத்தில் பெயர் சரியாகிவிட்டது, இரண்டாம் பக்கத்தில் தேதி சரியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக் கோட்டின் கீழே இன்னமும் ‘பி. பாலசுப்பிரமணியம்’ நின்றுகொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில், மின்கட்டணம் பற்றிய பத்தியில், யாரோ முன்னாள் குடித்தனக்காரரின் பெயர்! அந்தக் கடையில் எந்த வருஷத்து ஒப்பந்தத்தின்மேல் இதை அடித்தார்களோ.

அந்த அம்மா மெதுவாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் முதல் பக்கத்தில் நின்றுவிட்டார். “இவர் பேருக்கு முன்னாடி காலஞ்சென்றனு போடலையே” என்றார். ‘இன்னாரின் மனைவி’ என்று கணவர் உயிரோடு இருப்பது போலவே அடித்திருந்தது. அவர் போய் ஆறு வருஷமாகிறதாம். வீடு இப்போது இவர் பெயரில். நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. புரோக்கர்கூடச் சின்னத் தப்பு என்று சொல்லவில்லை.

இரண்டாம், மூன்றாம், கடைசிப் பக்கங்கள் சாதாரணத் தாள். அவற்றைக் கடையில் சொல்லித் திருத்தி மறுபடி அச்சிட்டு வாங்கினோம். முதல் பக்கம் முத்திரைத்தாளில் ஏறிவிட்டது. அதனால் பேனாவால் செய்தோம். கணவர் பெயருக்கு முன் ஒரு குறி போட்டு, மேலே ‘காலஞ்சென்ற’ என்று எழுதி, பக்கத்து ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போட்டார்கள், சாட்சிகளும் போட்டார்கள். அடித்துத் திருத்துவதாக இருந்தால் ஒற்றைக் கோடு போதும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். வெள்ளை மை மட்டும் பூசவே கூடாது. அடியில் என்ன இருந்தது என்று தெரியாத இடத்தில்தான் சந்தேகம் முளைக்கும். பதிவுக்குப் போகும் பத்திரமாக இருந்தால், ஒப்பமிடாத அடித்தல் திருத்தல்களைக் காட்டிப் பதிவு அலுவலர் ஏற்க மறுக்கவும் முடியும். புரோக்கர் தன் பையிலிருந்து வெள்ளை மைப் பேனாவை எடுத்ததும், அதை வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு முடிய வேண்டியது பதினொன்றேகாலுக்கு முடிந்தது. மூன்று பக்கத்தை மறுபடி அச்சிட்டதற்குக் கடைக்காரர் முப்பது ரூபாய் கேட்டார், மைத்துனர் கொடுத்தார். அந்த அம்மா காபி கொடுத்தார். தன் பிரதியை எடுத்து உள்ளே வைக்கப் போனவர் வாசற்படியில் நின்று, “மாடி போர்ஷன் ஒப்பந்தமும் இந்தப் புரோக்கர் எழுதினதுதான். ஒரு நாள் வந்து பார்த்துச் சொல்றீங்களா?” என்று என்னிடம் கேட்டார். அடுத்த முறை திருச்சிக்குப் போகும்போது பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.